'சூப்பர் மச்சான்' போதுமா?

போன மாதம் நண்பன் ஒருவனின் குறும்படத்தைத் திரையிட்டார்கள். முடிந்ததும் வாசலில் நின்று ஆளாளுக்குக் கை குலுக்கினோம். "சூப்பர் மச்சான்", "கலக்கிட்டாய்", "வேற லெவல்." நானும் அதைத்தான் சொன்னேன். படத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகள்.

எனக்குப் பின்னால் நின்ற தங்கச்சி ஒருத்தி மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள்: "அண்ணா, மகன் போனை வைச்ச பிறகும் அந்த அம்மா போனைக் காதில வைச்சுக்கொண்டே நிண்டவ எல்லோ? எங்கட அம்மம்மாவும் அப்பிடித்தான் நிப்பா."

அதில் "நல்லாயிருக்கு" என்ற சொல்லே இல்லை. ஆனால் எந்த இடம், அது தனக்குள் என்ன செய்தது என்ற இரண்டும் இருந்தன. அதை வேறு எந்தப் படத்துக்கும் சொல்ல முடியாது. மனதார வந்த பாராட்டை அப்படித்தான் கண்டுபிடிக்கலாம்.

அவனோ, "ஐயோ, அது சும்மா. கமராவை நிப்பாட்டப் பிந்திப்போச்சு" என்றான். அவளின் முகம் வாடிவிட்டது.

பாராட்டைத் தட்டிவிடுவதை அடக்கம் என்று பழகியிருக்கிறோம். சொன்னவருக்கோ அது "நீ பார்த்தது பிழை" என்றுதான் கேட்கும். "நன்றி, அந்த இடத்தைக் கவனிச்சது சந்தோசம்" என்றால் போதும். கமராக் கதையைப் பிறகு சொல்லலாம்.

ஒன்றுமே மனதில் நிற்கவில்லையென்றால் பொய்யாக ஒன்றைத் தேடவேண்டாம். "கூப்பிட்டதுக்கு நன்றி" என்பதும் உண்மைதானே.

அன்றிரவு அவனுக்கு எழுதினேன்: "கடைசியில பஸ் சத்தத்தோட முடிச்சாய். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள் ஞாபகம் வந்தது."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "உண்மையாவோடா?"