மரச் செப்பு மீண்டும் வருமா?
விளாத்திகுளத்துக்கு ஏற்ற சிறு தொழில்

அடுப்பு, அம்மி, உலக்கை, பானை. இவை அடங்கிய செப்புச் சாமான் இல்லாத வீடு ஒரு காலத்தில் இல்லை. நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரம் இதற்குப் பேர்போன ஊர்.

இப்போது பிளாஸ்டிக்கில் சலித்த பெற்றோர் மீண்டும் மரப் பொம்மையைத் தேடுகிறார்கள். விளாத்திகுளம் கரிசல் பூமியில் மழை பொய்த்தால் வேலை இல்லை. இங்கே இத்தொழிலைத் தொடங்கலாமா? தொடங்கலாம். ஆனால், முதலில் கவனிக்க வேண்டியது வண்ணம்!

அரக்குப் பூச்சு

கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பின்னால் மரம் வெடிக்கும், அரக்கு உரியும்.

அரக்கு நல்லதுதான். அதில் கலக்கும் வண்ணம்? சில மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஈயம் உண்டு. குழந்தை பொம்மையை வாயில் வைக்கும். ஈயம் உடம்பில் சேர்ந்தால் மூளை வளர்ச்சி கெடும். ஈரத்துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் ஈயம் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடச் சோதனையே வழி. ஆந்திராவின் ஏட்டிக்கொப்பாகாவில் மஞ்சள், அவுரி போன்ற செடிச் சாயங்களை அரக்கில் சேர்க்கிறார்கள்.

மண் செப்பு

கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதைத் தனியாகப் பிசைந்து பொம்மை செய்ய முடியாது. கண்மாய் வண்டலில் மணல் கலந்து பிசைய வேண்டும். வண்ணம் பூசாமல் சுட்டால் பூச்சால் வரும் ஈயத்துக்கு இடமில்லை. ஆனால் உடைந்தால் விளிம்பு கூராகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பிரிவில் பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. பதிவு இல்லாமல் பட்டறை வைப்பவருக்கு விலக்கு இல்லை. ஆகவே முதலீட்டுக்கு முன்பே பதிவா, முத்திரையா என்று முடிவு செய்வது நல்லது.

பெட்டியும் முக்கியம்

கோவில்பட்டி வட்டாரத்துக்குத் தீப்பெட்டித் தொழிலால் அட்டைப்பெட்டி வேலை புதிதல்ல. பெட்டியில் தயாரித்தவர் முகவரி, எண்ணிக்கை, விலை, மாதம் அச்சிட வேண்டும். வயதும் வேண்டும். ஏன்?

செப்புச் செட்டில் உள்ள சின்னக் குழவியைப் பாருங்கள். 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள சோதனைக் குழாய்க்குள் அது முழுதும் அடங்கினால், சிறு குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். குழவியைப் பெரிதாகக் கடைய வேண்டும். இல்லையேல், 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஏற்றதல்ல என்று பெட்டியில் அச்சிட வேண்டும்.

வாங்கும் தாய்மார்களும் பெட்டியில் இவற்றைப் படித்துப் பார்த்த பிறகே காசைக் கொடுக்கலாம்.