சராசரி 25 சதவீதம் என்றால் கையில் வருவது எவ்வளவு?

வத்தளை, மாபோலை, ஹுணுப்பிட்டிய உறவுகளே, ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசையோ பென்ஷன் காசையோ முதலீட்டில் போடச் சொல்லி வருபவர்கள் "வருடச் சராசரி இலாபம்" என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. காரணத்தை நம் கொழும்புப் பங்குச் சந்தையின் கணக்கிலேயே பார்ப்போம்.

2020 முடிவில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் சுமார் 6,774. 2021 முடிவில் 12,226. அதாவது 80.5 சதவீத ஏற்றம். 2022 முடிவில் 8,490. அது 30.6 சதவீத இறக்கம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருடத்துக்குச் சுமார் 25 சதவீதம். இதுதான் கூட்டலிடை.

வருடம் 25 என்றால் ஒரு இலட்சம் இரண்டு வருடத்தில் 156,250 ஆக வேண்டும். ஆனால் சுட்டெண்ணோடு போன காசு முதலில் 180,500 ஆகி, பிறகு சுமார் 125,300க்கு இறங்கியது. இரண்டு வருடத்துக்கும் சேர்த்தே 25 சதவீதம்தான்!

31,000 ரூபா எங்கே போனது? இரண்டாம் வருட 30.6 சதவீதம் ஒரு இலட்சத்தில் கழியவில்லை, வளர்ந்து நின்ற 180,500இல் கழிந்தது. முதல் வருட இலாபத்தை வெளியே எடுத்து, ஒரு இலட்சத்தை மட்டும் விட்டிருந்தால் கூட்டலிடை சரியாக இருந்திருக்கும். காசை அப்படியே விட்டு வைப்பவருக்குப் பெருக்கலிடைதான் உண்மை. 1.805ஐ 0.694ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 1.12 வரும். அதாவது வருடம் 12 சதவீதம். ஆடாமல் அசையாமல் 12 தந்த ஒரு முதலீடும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கும்.

ஆட்டம் கூடக்கூட இந்த இழப்பு வர்க்கமாகக் கூடும். ஒரு வருடம் 53 ஏறி, மறு வருடம் 3 இறங்கினாலும் சராசரி 25தான். ஆனால் காசு 148,410 ஆகும், குறைவது 7,840 மட்டுமே. சராசரியிலிருந்து விலகும் தூரம் பாதியானதும் இழப்பு கால்வாசி ஆகிவிட்டது.

பங்குச் சந்தை கூடாது என்று நான் சொல்லவில்லை. பங்கிலாபம் இந்தச் சுட்டெண்ணில் சேராது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் யாராவது சராசரியைக் காட்டினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முதல் நாள் போட்ட ஒரு இலட்சம் கடைசி நாளில் எவ்வளவு?" அந்த இரண்டு எண்களையும் தர மறுப்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.