கால்வலிக்கு மாத்திரைதான் காரணமா?

மாரடைப்புக்குப் பின் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பெற்றவர்களுள் சிலர், அதைத் தாமாகவே நிறுத்திவிட்டு எங்கள் முன் வந்து அமர்கின்றனர். "போட்ட நாளிலிருந்து கால் தசையெல்லாம் வலிக்கிறது" என்கின்றனர். அவர்களுள் பலர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேசையருகே நாள் முழுதும் நிற்பவர்கள். மாத்திரைக்கு முன்பும் அந்தக் கால்கள் வலித்திருக்கும். ஆயினும் வலி பொய் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வலி மெய்; அதன் காரணம் எது என்பதே கேள்வி.

இக்கேள்வியை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்தனர். முடிவு 2020-இல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேர் அதில் சேர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் 12 மாதங்களுக்கு 12 புட்டிகள். நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். நான்கில் தோற்றத்தில் அதே போன்ற, மருந்தில்லாத போலி மாத்திரை. நான்கு வெற்றுப் புட்டிகள். எந்த மாதம் எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. கையிலுள்ள மாத்திரை மருந்தா, போலியா என்பது உட்கொள்பவருக்குத் தெரியாது. இதையே மறைப்பு என்கிறோம். அன்றாட உபாதையைப் பூச்சியம் முதல் நூறு வரை மதிப்பெண்ணாக அவர்கள் கைப்பேசியில் பதிந்துவந்தனர்.

மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி மதிப்பெண் 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4! மாத்திரை விழுங்கியதால் கூடிய உபாதையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மருந்தே இல்லாத மாத்திரையிலும் தோன்றியது. தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே தீங்கை உணரச் செய்யும் இவ்விளைவுக்கு நோசிபோ என்று பெயர். தம் பதிவுகளைத் தாமே கண்ட பின்னர், அந்த 60 பேரில் 30 பேர் மீண்டும் ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினர்.

இதே நாணயத்தின் மறுபக்கம் பிளாசிபோ. மூட்டுவலி பொறுக்க முடியாத நாளில்தான் ஒருவர் புதிய சூரணம் தேடிச் செல்கிறார். உச்சத்துக்கு ஏறிய வலி பெரும்பாலும் தானே இறங்கும். நம்பிக்கையும் ஓரளவு இறக்கும். புகழ் முழுவதும் சூரணத்துக்குப் போய்ச் சேர்கிறது. (எங்கள் மருந்துச்சீட்டுகளும் இப்படிப் பெற்ற புகழ் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

மாதந்தோறும் மாற்றிப் பார்க்க இயலாத சிகிச்சைகளும் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் எதிர்கொண்டது அத்தகைய கேள்வியே. ஓய்வும் நல்லுணவும் தரும் சானடோரியத்தில் கிடந்தால்தான் காசநோய் குணமாகும் என்று அன்று நம்பினர். ஏழை நோயாளிகளுக்கோ படுக்கைகள் போதவில்லை. யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டால், நலிந்தவர்களையே அவர் சானடோரியத்துக்கு அனுப்பக்கூடும். அப்போது சானடோரியம் காரணமின்றித் தோற்றதாகத் தெரியும். தேர்ந்த டெய்லரிடம் மட்டும் புதிய நூலைக் கொடுத்துவிட்டு, தையல் நேர்த்தி நூலால் வந்தது என்பதைப் போன்றதே இதுவும். ஆகவே சுமார் 190 பேரைக் குலுக்கல் முறையில் இருபிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர்.

எங்கே இருக்கிறோம் என்பதை நோயாளியிடம் மறைக்க வழியில்லை. அதனால் 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்வியின் விடையை நம்பி முடிவெடுக்காமல், சளியில் கிருமி வளர்கிறதா என்பதை ஆய்வகத்தில் பார்த்தனர். நோயாளியின் நம்பிக்கை அக்கிருமியைத் தொடாது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. அம்முடிவு 1959-இல் வெளியாயிற்று. வேறுபாடு சிறிது, வீட்டிலிருந்தே மருந்துண்ணும் இன்றைய முறைக்கு அது வழி திறந்தது.

லண்டன் ஆய்வுக்கு எல்லைகளும் உண்டு. அது சிறியது, மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் உபாதை கண்டவர்களே அதில் இருந்தனர். ஸ்டாட்டினால் தசை உண்மையிலேயே சிதைவதும் அரிதாக நிகழும். சிறுநீர் கருத்துப்போனாலோ, மாடிப்படி ஏற முடியாதபடி தசை தளர்ந்தாலோ அன்றே வாருங்கள், இரத்தத்தில் சி.கே. அளவைப் பார்ப்போம். மற்றபடி, மாத்திரையை நிறுத்துமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் வலியை எழுதி வாருங்கள். எந்த நாளில் எவ்வளவு, எத்தனை மணி நேரம் நின்றீர்கள், ஞாயிறன்று எப்படி இருந்தது என்பன போதும். அந்நோட்டை வைத்துக்கொண்டு அளவைக் குறைப்பதா, வேறு ஸ்டாட்டினுக்கு மாறுவதா, சில வாரம் நிறுத்திப் பார்ப்பதா என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.