1,700 ரூபா யாருடைய வாக்குறுதி?

2025 பெப்ரவரி 17ஆம் திகதி, நிதியமைச்சர் என்ற முறையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில் ஆற்றிய வரவு செலவுத் திட்ட உரையில், பெருந்தோட்டத் தொழிலாளரைப் பற்றியும் ஒரு கூற்று இடம்பெற்றது. அவர்களது நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக உயர்த்துவதற்கு அரசாங்கம் தலையிடும் என்பது அதன் பொருள். உரை முடிந்து, செய்தி வாய்வழியே பரவத் தொடங்கியதும் அது 'தோட்டத் தொழிலாளருக்கு 1,700 ரூபா' என்று சுருங்கிவிட்டது. தலையிடுதல் என்ற வினை உதிர்ந்தது. எண் மட்டும் எஞ்சியது.

நீண்ட அரசியல் உரையொன்றின் எழுத்துப் படியைக் கையில் கொடுத்து, அதில் உள்ள வாக்குறுதிகளையும் எண்களையும் மங்கலான கூற்றுகளையும் மூன்று நிரல்களில் வேறு வேறாகப் பிரித்துச் சுருக்குமாறு மாணவரைப் பணிப்பது குடியியல் வகுப்புக்கு ஏற்ற பயிற்சி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்பயிற்சியை நடத்த முற்படும் ஆசிரியருக்கு மேற்சொன்ன கூற்றைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. காலி வீதிக் கடைகளிலே வேலை செய்யும் இளைஞர் பலருடைய வீடு மலையகத்தில் இருக்கிறது. கொட்டாஞ்சேனை வகுப்பறைகளிலும் தாத்தாவும் பாட்டியும் கொழுந்து பறித்த குடும்பங்களின் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். அந்த 1,700 ரூபா அவர்களுக்கு வெறும் பாடப்பொருள் அல்ல.

இக்கூற்றை எந்த நிரலில் இடுவது? எண் இருப்பதால் எண் நிரலில் என்பான் ஒரு மாணவன். உயர்த்துவதாகச் சொல்லியிருப்பதால் வாக்குறுதி என்பாள் ஒரு மாணவி. இரண்டும் அவசர விடைகள். வாக்குறுதி என்று ஒரு கூற்றை ஏற்பதற்கு முன் நான்கு வினாக்களை அதனிடம் கேட்டாக வேண்டும். யார் செய்வார்? எவ்வளவு? எந்த நாளிலிருந்து? யாருடைய பணத்தில்? 1,700 ரூபா என்ற அளவு மட்டுமே இங்கு விடையாகக் கிடைக்கிறது. பெருந்தோட்டத் தொழிலாளரில் பெரும் பகுதியினருக்குச் சம்பளம் கொடுப்போர் பெருந்தோட்டக் கம்பனிகள், அரசாங்கம் அன்று. தலையிடுவேன் என்று சொன்னவர் தருவேன் என்று சொல்லவில்லை. நாளும் குறிக்கப்படவில்லை. ஆகவே, எண்ணைச் சுமந்து நிற்கும் இக்கூற்று மங்கலான கூற்றுகளின் நிரலுக்கே உரியது. எண் இருந்துவிட்டால் தெளிவும் இருக்கும் என்ற மயக்கத்தை மாணவர் மனத்திலிருந்து முதலில் அகற்ற வேண்டும்.

இதற்கு வரலாறும் சான்று பகர்கிறது. 2020 நவம்பரில் அன்றைய பிரதமரும் நிதியமைச்சருமான மஹிந்த ராஜபக்ஷ வரவு செலவுத் திட்ட உரையில், 2021 ஜனவரி முதல் 1,000 ரூபா நாட்சம்பளம் என்றார். அதில் நாள் இருந்தது. கொடுப்பவரின் சம்மதம் இல்லை. கம்பனிகளுடனான பேச்சு இழுபட்டு, சம்பள நிர்ணய சபையின் வழியே மார்ச் மாதத்தில் 900 ரூபா சம்பளமும் 100 ரூபா கொடுப்பனவுமாகவே அது வர்த்தமானியில் வந்தது. 2024 மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாவை அறிவித்தார். 1,350 ரூபா சம்பளம், 350 ரூபா விசேட கொடுப்பனவு என வர்த்தமானியும் வெளிவந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலை மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா மட்டும் நிலைபெற்றது. அதே 1,700 ரூபாதான் 2025 பெப்ரவரி உரைக்குள் மீண்டும் நுழைந்தது. ஓர் எண் இவ்வாறு மேடையிலிருந்து மேடைக்கு நடந்துகொண்டிருக்குமாயின், அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்பது எழுதப்படாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம்.

சுருக்கும் தொழிலில் உள்ள பேராபத்து இங்கேதான் இருக்கிறது. சொற்களைக் குறைக்கும்போது முதலில் உதிர்பவை முயற்சி, எதிர்பார்ப்பு, தலையீடு, இயன்றவரை என்பன போன்ற தளர்ந்த சொற்கள். அவை உதிர்ந்த பின் எஞ்சுவது, பேச்சாளர் ஒருபோதும் கொடுக்காத உறுதியான வாக்கு. அப்படியானால் அந்த வாக்கைக் கொடுத்தவர் யார்? சுருக்கிய மாணவரே. பிற்காலத்தில் அது நிறைவேறவில்லை என்று ஆட்சியாளர்மீது குற்றம் சாட்டினால், நான் அப்படிச் சொல்லவில்லையே என்று அவர் தப்பிவிடுவார். அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். எனவே நாம் வலியுறுத்துவது இது: வாக்குறுதிகளைச் சுருக்கலாம், எண்களைத் தொகுக்கலாம், மங்கலான கூற்றுகளை மட்டும் சுருக்கவே கூடாது. அவற்றை உரையில் உள்ளவாறே, வினைமுற்றுக் குலையாமல், பந்தி எண்ணோடு எழுதி வைக்க வேண்டும்.

எண் நிரலுக்கு வருவோம். அதே உரையில் அரச ஊழியரின் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உயர்வு 15,750 ரூபா. இது வாக்குறுதி என்பதில் ஐயமில்லை. கொடுப்பவர் அரசாங்கம், நாளும் உண்டு. ஆயினும் அந்த 15,750 ரூபாவும் ஏப்ரல் மாதச் சம்பளத்தோடு கைக்கு வரும் என்று கருதியோர் ஏமாந்தனர். ஏற்கெனவே கொடுப்பனவுகளாக வழங்கப்பட்டுவந்த 7,500 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடு சேர்க்கப்பட்டதால் புதிதாகக் கிடைப்பது 8,250 ரூபா. அதிலும் 5,000 ரூபாவும் மீதியில் நூற்றுக்கு முப்பது பங்கும் 2025 ஏப்ரலில். எஞ்சியது 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும் சரிபாதியாக. 3,250 ரூபாவில் முப்பது வீதம் 975 ரூபா. ஆகவே ஏப்ரலில் மிகக் குறைந்த தர ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தது 5,975 ரூபா.

இதில் பேச்சாளர்மீது பழி இல்லை. படிமுறையாக வழங்கப்படும் என்பதும் நிகர உயர்வு எவ்வளவு என்பதும் சொல்லப்பட்டவையே. கேட்டவர்களும் தலைப்பிட்டவர்களும் முதல் எண்ணோடு நின்றுவிட்டார்கள். ஆகையால் எண் நிரலில் ஒரு தொகையை எழுதும் மாணவர், அது மொத்தமா நிகரமா, ஒரே தவணையா பல தவணையா என்று அதனருகே குறிக்கும்வரை அந்த வரி முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. அந்த விளக்கம் பெரும்பாலும் அதே வாக்கியத்தில் இராது. அடுத்த பந்தியில் இருக்கும். மில்லியனைக் கோடியாக மாற்றும் இடத்திலும் கவனம் தேவை. 5,000 மில்லியன் என்பது 500 கோடி. ஒரு சுழி தவறினால் ஒரு திட்டமே பத்து மடங்கு பெருகிவிடும்.

எல்லா எண்களும் ஒரே இனத்தவை அல்ல என்பதும் வகுப்பில் சொல்லப்பட வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபா என்று அதே உரையில் வந்தது ஒதுக்கீடு; பெறுபவரும் தொகையும் நிதியாண்டும் தெளிவு. பொருளாதாரம் 5 வீதம் வளரும் என்பது மதிப்பீடு. அது நிகழாவிட்டால் கணிப்புத் தவறியது எனலாமே தவிர, வாக்குத் தவறியது எனல் நியாயமாகாது. சென்ற ஆண்டின் சாதனையாகச் சொல்லப்படும் எண்ணோ இறந்தகாலத்தது. அதைச் சரிபார்க்கலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உரையை முதன்முறை வாசிக்கும்போது வண்ணப் பென்சிலால் இறந்தகால வாக்கியங்களை அடித்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு மாணவர் ஒரே பந்தியைத் தனித்தனியே பிரித்து, பின்னர் ஒப்பிடுவது நன்று. அவர்கள் முரண்படும் வரிகளே ஆசிரியர் நின்று பேசவேண்டிய இடங்கள். விடைத்தாளில் மூன்று நிரல்களும் சமமாக நிரம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. பல உரைகளில் மங்கலான கூற்றுகளின் நிரலே நீண்டிருக்கும். அந்த நீளமும் மாணவர் கண்டறிந்த ஓர் உண்மையே.

இனி, 1,700 ரூபாவின் பின்கதை. 2025ஆம் ஆண்டு முழுவதும் சட்டப்படியான நாட்சம்பளம் 1,350 ரூபாவாகவே இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் திகதி, அடுத்த வரவு செலவுத் திட்ட உரையில் ஜனாதிபதி மீண்டும் அதைத் தொட்டார். இம்முறை கூற்றின் அமைப்பே மாறியிருந்தது. 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,550 ரூபாவாகும். அதனோடு அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபாவை வருகை ஊக்குவிப்பாகத் தரும். மொத்தம் 1,750 ரூபா. அரசாங்கத்தின் பங்குக்கு 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்படும். யார், எவ்வளவு, எப்போது, யாருடைய பணம் என்ற நான்கு வினாக்களுக்கும் இதில் விடை உண்டு. பெப்ரவரி வாக்கியத்தையும் நவம்பர் வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், மங்கலான கூற்றுக்கும் வாக்குறுதிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு பாடம் வேண்டாம்.

வாக்குறுதி நிரலில் ஏறிவிட்டதால் ஆராய்ச்சி ஓய்ந்துவிடாது. மாதம் 25 நாள் வேலை செய்யும் ஒருவருக்கு 200 ரூபா வீதம் ஆண்டுக்கு 60,000 ரூபா. 5,000 மில்லியனை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 83,000 பேருக்குப் போதும். அப்படியானால் அரசாங்கம் எத்தனை தொழிலாளரைக் கணக்கிற் கொண்டது? நாட்கள் குறையும் என்று எதிர்பார்த்ததா? கொழுந்து குறைந்து அரைப்பேர் போடப்படும் நாளில் அந்த 200 ரூபா முழுதாகக் கிடைக்குமா, பாதியா, இல்லையா? சிறுதோட்டங்களில் கூலிக்குப் பறிப்போர் இதில் அடங்குவரா? இவை உரையைச் சுருக்குவதால் விடை கிடைக்கும் வினாக்கள் அல்ல. சுருக்கியவருக்கு மட்டுமே தோன்றும் வினாக்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இந்நாட்டுப் பிரசை எவரும் இவற்றை உரிய அமைச்சின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். வகுப்பின் சார்பில் ஆசிரியர் ஒருவர் விண்ணப்பத்தை எழுதி, நவம்பர் உரையின் அந்தப் பந்தி எண்ணையும் அதிற் குறிப்பிட்டு அனுப்புவாராயின், கிடைக்கும் பதிலை அதே தாளில் நான்காவது நிரலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.