அச்சடித்த பிரதிக்கா, வீடு சேர்ந்த பிரதிக்கா?

மயிலாப்பூர், அடையாறு, மாம்பலம் வாசல்களுக்கு 1990-களிலிருந்தே இலவசப் பகுதி இதழ்கள் வந்துகொண்டிருக்கின்றன. இன்று புறநகர்க் குடியிருப்புச் சங்கங்களும் மாத இதழ் போடுகின்றன. படிப்பவர் காசு கொடுப்பதில்லை. இதழ் பிழைப்பது விளம்பரத்தால்தான். ஆனால் விளம்பரத்துக்கு என்ன வாங்குவது என்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிகிறது. தெரிந்த கடைக்கு ஒரு விலை, புதிதாக வருபவருக்கு இன்னொரு விலை. இதை மாற்றியே ஆக வேண்டும். எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, எத்தனை இதழில் வந்தது என்ற இரண்டை வைத்துத்தான் கட்டணம் இருக்க வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி இதழிலேயே அச்சாக வேண்டும்.

ஓர் இதழ் 3,000 பிரதி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதம், அச்சு, விநியோகம் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 5 ரூபாய், மாதம் 15,000 ரூபாய். பக்கத்தின் அடியில் வரும் பட்டை விளம்பர அளவை ஓர் அலகாகக் கொண்டால், இதழில் 20 அலகு இடம் இருக்கிறது. சாதாரண மாதத்தில் 12 நிரம்பும். ஆக ஒரு பட்டைக்கு 1,250 ரூபாய் வந்தால் செலவு கட்டும். ஆசிரியரின் உழைப்புக்கு அதற்கு மேல் விற்கும் இடம்தான்.

அந்த 3,000 பிரதியும் வீடு சேர்வதில்லை. சில கட்டுகள் அடுக்குமாடி வளாகத்தின் செக்யூரிட்டி அறையிலேயே பிரிக்கப்படாமல் கிடக்கும். மழை நாளில் பையன் இரண்டு தெருவை விட்டுவிடுவான். 2,500 வீடு சேர்ந்தால் 1,250 ரூபாய் என்பது ஆயிரம் வீட்டுக்கு 500 ரூபாய் ஆகிறது. விலைப்பட்டியலில் இருக்க வேண்டியது இந்த 500. 3,000 என்று சொல்லி 1,500 வாங்கினால், போய்ச் சேராத 500 பிரதிக்கும் கடைக்காரர் காசு கொடுத்தவர் ஆகிறார். “ஒரு பிரதியை நாலு பேர் படிக்கிறார்கள்” என்று பெருக்கிக் காட்டுவதும் கூடாது. அந்த நாலு பேரை யாரும் எண்ணியதில்லை.

பெரிய நாளிதழ்களின் விற்பனையைச் சரிபார்க்க 1948 முதல் ஏபிசி என்ற தணிக்கை அமைப்பு இருக்கிறது. நம் தெரு இதழுக்கு அப்படி யாரும் இல்லை என்பதால், கணக்கை அதுவே திறந்து காட்ட வேண்டும். அச்சகத்தின் பில், தெருவாரியாகப் போட்ட பிரதி எண்ணிக்கைத் தாள், வளாகங்களில் வாங்கிய கையெழுத்து, இவ்வளவும் இருந்தால் போதும். சந்தேகம் இருந்தால் மூன்று தெருவில் பத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும்.

அடுத்தது கால அளவு. வருடம் முழுவதும் போட்டால் பாதி விலை என்று முன்பணம் வாங்குவது பல இதழ்களின் பழக்கம். கைக்கு மொத்தமாகப் பணம் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் நடுவில் காகித விலை ஏறினால் இதழ்தான் தாங்க வேண்டும். தீபாவளிக்கு முன்பக்கப் பட்டையை முழு விலைக்குக் கேட்டு ஆள் வரும்போது, அந்த இடம் பாதி விலையில் ஏற்கெனவே போயிருக்கும். முதல் தடவை வடிவமைப்பு, பிழைதிருத்தம் என்று வேலை உண்டு, மறுதடவை இல்லை. தள்ளுபடி அந்த மிச்சத்தின் அளவுக்கு, பத்து பதினைந்து சதவீதத்துக்குள், நிற்க வேண்டும். முன்பக்கத்தை மூன்று மாதத்துக்கு மேல் யாருக்கும் கட்டிவைக்கக் கூடாது.

எல்லாருக்கும் நீண்ட காலமும் தேவையில்லை. இனிப்புக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய ஒரே இதழ் போதும். அன்றைக்கு நிறைய வீடு எட்ட வேண்டும். பிளம்பருக்கோ குழாய் என்றைக்கு ஒழுகும் என்று தெரியாது. சின்னப் பெட்டியாக இருந்தாலும் மாதாமாதம் அதே மூலையில் இருந்தால்தான் தேடுபவர் கண்ணில் படும். இனிப்புக் கடையிடம் ஆறு மாத ஒப்பந்தம் கேட்பதும், பிளம்பரிடம் ஒரு மாதத்துக்குப் பெரிய பட்டையை விற்பதும் இருவருக்கும் நஷ்டம். அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள்.

அறிவிப்புப் பலகைப் பகுதிக்கு வேறு கணக்கு. வீடு வாடகைக்கு, டியூஷன் போன்ற வரி விளம்பரங்களுக்கு வரிக்கு இவ்வளவு, இதழுக்கு இவ்வளவு என்று வாங்கலாம். வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் மீதி இதழுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் போன வீட்டைக் கேட்டு வருபவர்கள் அந்தப் பகுதியையே நம்பமாட்டார்கள். காணாமல் போனவை, ரத்தம் தேவை, இரங்கல் இவற்றுக்குக் காசு வாங்கக் கூடாது. குடியிருப்பவர்கள் அந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவதே இவற்றுக்காகத்தான்.

ஒரு மாதம் 2,000 வீட்டுக்குத்தான் இதழ் போனது என்றால், பட்டை விளம்பரதாரருக்கு 250 ரூபாயை அடுத்த பில்லில் கழிக்க வேண்டும், அவர் கேட்காமலேயே. அந்த மாதம் எத்தனை வீடு சேர்ந்தது என்ற எண்ணைக் கடைசிப் பக்கத்தில், அச்சிட்டவர் வெளியிட்டவர் பெயருக்குக் கீழே, ஒவ்வோர் இதழிலும் போடட்டும்.