கதிர்வீச்சும் கதிரியக்கமும் எங்கட மீன்குழம்பும்

எங்கட விடுதிச் சமையலறையில ஒரு மைக்ரோவேவ் இருக்கு. "அதுக்குள்ள வைச்சா சாப்பாட்டில கதிர்வீச்சு ஏறிடும்" என்று சொல்லி பாதிப்பேர் அதைத் தொடுவதே இல்லை. மிச்சப்பேர் பட்டனை அழுத்திவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள். நாங்களும் அப்படி நின்றவர்கள்தான்.

இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் சொற்கள் என்று நினைக்கிறோம். வெயில், மின்குமிழ் வெளிச்சம், வானொலி அலை எல்லாமே கதிர்வீச்சுத்தான். கதிரியக்கம் என்பது வேறு. அணுவின் கரு நிலையில்லாமல் உடைந்து, தானாகவே கதிரை வெளிவிடுவது அது. இரண்டிலும் 'கதிர்' இருப்பதால் ஒன்றாக்கிவிட்டோம்.

மைக்ரோவேவால் அணுக்கருவை அசைக்கவே ஏலாது. சாதாரண வெளிச்சத்தின் ஒரு ஒளித்துகளில் உள்ள சக்தி, மைக்ரோவேவ் துகள் ஒன்றில் இருப்பதைவிட ஒரு இலட்சம் மடங்குக்கும் அதிகம். குமிழ் வெளிச்சத்தில வைச்ச சோறு கதிரியக்கம் அடைவதில்லை. அப்படியிருக்க, இது எப்படி அடையும்? எவ்வளவு நேரம் வைத்தாலும் சூடு கூடும், அவ்வளவுதான். நிறுத்தியதும் அலையும் நின்றுவிடும், லைற்றை அணைத்தால் வெளிச்சம் மிஞ்சாத மாதிரி.

அப்ப சூடு எங்கிருந்து வருது? தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் கொஞ்சம் நேர்மின்னும் மறுபக்கம் கொஞ்சம் எதிர்மின்னும் கொண்டது. அலையின் மின்புலம் விநாடிக்கு ஏறத்தாழ 245 கோடி தடவை ஊசலாடுகிறது. மூலக்கூறுகள் அதோடு சேர்ந்து திரும்பப் பார்த்து, பக்கத்தில் இருப்பவற்றோடு இடிபடுகின்றன. நெரிசலான பஸ்ஸில எல்லாரும் ஒரேயடியாகத் திரும்பப் பார்த்த மாதிரி. அந்த இடிபாடுதான் சூடு. தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது.

எங்களுக்கு உண்மையான பிரச்சினை விளங்கியது, வீட்டிலிருந்து கட்டிவந்து உறையவைத்த மீன்குழம்பைச் சூடாக்கின அன்றுதான். ஓரம் கொதிச்சுது, நடுவில ஐஸ் கட்டி. பனிக்கட்டியில மூலக்கூறுகள் இறுகப் பிடிபட்டிருப்பதால் திரும்ப முடியாது, அலையை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். முதலில் உருகிய ஓரம்தான் மேலும் மேலும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதோட, அலை உணவுக்குள் சில சென்ரிமீற்றர்தான் போகும். நடுப்பகுதிக்குச் சூடு மெதுவாகக் கடத்தப்பட்டே வரவேண்டும்.

கிருமி தப்பிப் பிழைப்பது அந்தக் குளிர்ந்த நடுவிலதான். பயப்படவேண்டியதும் அதற்குத்தான். 'டிஃப்ரொஸ்ட்' விட்டு விட்டு இயங்குவது சூடு உள்ளே பரவ நேரம் கொடுக்கத்தான். உறைந்ததை முதலில் அதில் போடுங்கோ. பிறகு மூடி சூடாக்கி, பாதியில எடுத்துக் கிளறி, திரும்ப வையுங்கோ. முடிந்ததும் இரண்டு நிமிசம் அப்படியே விடுங்கோ. நடுவில கரண்டியை விட்டுப் பார்த்தால் அங்கேயும் ஆவி பறக்கவேண்டும். பறக்காவிட்டால் இன்னொரு தடவை.

இப்ப நாங்கள் தள்ளி நிற்பதில்லை. ஆனால் கிளறாமல் ஒருத்தரையும் சாப்பிட விடுவதுமில்லை.