முகாம் என்று எழுதாதேங்கோ

போன வருஷம் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கனடாவில் ரொறன்ரோ நகரத்தின் கிழக்குப் பகுதி, ஸ்காபரோ. (டொராண்டோ என்றுதான் பாளையங்கோட்டையில் இருந்தவரை எழுதிக்கொண்டிருந்தேன். ஏன் மாறினேன் என்று பிறகு சொல்கிறேன்.) பதினான்கு மாடிக் கட்டடம். யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான் அதிகம். நம் பக்கத்துக் குடும்பங்கள் ஏழெட்டு, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த இரண்டு மூன்று வீடு.

நவம்பரில் அந்தக் கட்டடத்திலேயே குளிர்காலக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார்கள். ஒண்டாரியோ மாநிலத்தில் இந்த ஊசி எல்லாருக்கும் இலவசம். ஆங்கில நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. முப்பது வருஷம் ஆபீசில் சுற்றறிக்கை எழுதியவர் என்று மகள் என்னைப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்ததால், தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். "இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி முகாம்" என்று தலைப்பு. முதல் மாடி அரங்கில், 9/11 அன்று காலை 10 மணிக்கு, செவிலியர்கள் ஊசி போடுவார்கள். வர முடியாதவர்கள் அருகிலுள்ள மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஒட்டுவதற்கு முன் எதிர் வீட்டு அம்மாவிடம் காட்டினேன். எண்பது வயது இருக்கும், முல்லைத்தீவுப் பக்கம். தலைப்பைப் பார்த்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"தம்பி, முகாம் எண்டு எழுதாதேங்கோ."

நமக்கு முகாம் என்றால் கண் சிகிச்சை முகாம், மாணவர் முகாம். அவர்களுக்கு ராணுவ முகாம். 2009ல் போர் முடிந்தபோது வவுனியா பக்கத்தில் கம்பி வேலிக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்திருந்தார்களே, அந்த முகாம். இலங்கையிலும் மருத்துவ முகாம் என்று எழுதுவதுண்டு, தப்பான சொல் இல்லை. ஆனால் அந்த அம்மா அந்தக் கம்பி வேலிக்குள் இருந்துவிட்டு வந்தவர்கள். அந்தத் தலைப்பு இருந்தால் கீழே இறங்கி வந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஊசி தேவைப்படுகிற வயதும் அதுதான். தலைப்பை "காய்ச்சல் தடுப்பூசி போடும் நாள்" என்று மாற்றினேன்.

அதற்குப் பிறகு என் அரை மணி நேர வேலை நாலு நாளாகிவிட்டது.

என் கட்சி இதுதான். வெளியூர்த் தமிழருக்கு எழுதும்போது, அவர்களுக்குத் தெரியாத சொல்லைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தெரியாத சொல் என்றால் பக்கத்தில் யாரையாவது கேட்டுவிடுவார்கள். இரண்டு பேருக்கும் தெரிந்து, இரண்டு பேருக்கும் வேறு வேறு பொருள் தருகிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். அதை யாரும் கேட்க மாட்டார்கள், புரிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

மருந்தகம் அப்படிப்பட்டது. நமக்கு அது மாத்திரை வாங்கும் கடை. சிங்கப்பூரில் அரசாங்கம் நடத்தும் பாலிகிளினிக்கைப் பலதுறை மருந்தகம் என்றே எழுதுகிறார்கள், ஆகவே அங்கே மருந்தகம் என்றால் டாக்டர் பார்க்கும் இடம். நான் எழுதியதைப் படித்த சிங்கப்பூர் மாமி, டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று எடுத்துக்கொண்டார். "மருந்துக் கடை" என்று போட்டேன். எல்லாருக்கும் ஒன்றுதான்.

கிழமை இன்னொன்று. நமக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். யாழ்ப்பாணத்தில் அது வாரத்துக்கும் பெயர், "வாற கிழமை" என்றால் அடுத்த வாரம். முந்தைய வருஷம் அவர்களில் ஒருவர் எழுதிய நோட்டீசில் "இரண்டு கிழமைக்குள்" பெயர் கொடுக்கச் சொல்லியிருந்ததாம். நம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இரண்டு நாள் என்று நினைத்து, நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிட்டார். வாரம் என்றால் இரண்டு பக்கமும் தெரியும்.

செவிலியரில் வேறு மாதிரி சிக்கல். இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் தாதி என்பார்கள். நம் பாட்டிமார் காதுக்குத் தாதி என்றால் வேலைக்காரி. செவிலியர் என்றால் அங்கே இருந்த இரண்டு பெரியவர்கள் விழித்தார்கள். கடைசியில் நர்ஸ் என்றே போட்டேன். தனித்தமிழில் எழுதினால் உலகத் தமிழர் எல்லாருக்கும் பொது என்று நம் சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் அடித்துச் சொல்வார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனித்தமிழ்ச் சொல்லை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக ஆக்கி வைத்திருக்கிறது. பல இடங்களில் பொதுவாக மிஞ்சுவது ஆங்கிலச் சொல்தான்.

அந்த ஆங்கிலச் சொல்லையும் ஒரே மாதிரி எழுதுகிறோமா என்றால் இல்லை. நம் டாக்டர் அவர்களுக்கு டொக்டர், நம் லாரி அவர்களுக்கு லொறி. நாம் ட போடும் இடத்தில் அவர்கள் ர, ற வரிசையை எடுப்பார்கள். காரணம் உண்டு. வெற்றி, காற்று என்பதை யாழ்ப்பாணத்தில் சொல்லும்போது கேட்டால் ஆங்கிலத்து டி ஓசைக்குப் பக்கத்தில் இருக்கும், நம் ட நாக்கை மடித்துச் சொல்வது. அவர்கள் காதுக்கு அவர்கள் எழுத்துதான் சரி. "ரியூசன்" என்று ஒரு பலகையைப் பார்த்து முதல் வாரம் நான் முழித்தேன், அது டியூஷன்! ஆகவே நோட்டீசில் இந்த ஓசை வரும் சொற்களை முடிந்தவரை தவிர்த்தேன். டாக்டரா, டொக்டரா என்ற சண்டை வேண்டாம் என்று மருத்துவர் போட்டேன். (வைத்தியர் என்று போட்டால் நம்மவர்கள் சூரணம் தருவார் என்று நினைப்பார்கள்.) ஊர்ப் பெயருக்கு மட்டும் அந்த ஊரில் குடியிருப்பவர்கள் எழுதுகிறபடியே ரொறன்ரோ. என் வீட்டுக்காரிக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

தமிழைத் தாண்டியும் இரண்டு இடத்தில் வழுக்கினேன். 9/11 என்றால் நமக்கு நவம்பர் ஒன்பது. அங்கே மாதத்தை முதலில் எழுதும் பழக்கமும் உண்டு, அப்படிப் படித்தால் செப்டம்பர் பதினொன்று. மாதப் பெயரை எழுத்தில் போட்டேன். முதல் மாடி என்றால் நம்மூரில் ஒரு படிக்கட்டு ஏறவேண்டும். அங்கே அது தரைத்தளம். மாடி, தளம் இரண்டையும் எடுத்துவிட்டு லிப்டுப் பொத்தானைச் சொன்னேன்.

சரிபார்த்த விதத்தையும் சொல்லவேண்டும். "புரியுதா?" என்று கேட்டால் எல்லாரும் புரியுது என்பார்கள், மரியாதைக்கு. அதனால் தாளைக் கொடுத்து, படித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு, "நீங்க என்னைக்கு, எங்க போவீங்க, என்ன கொண்டுபோவீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஆறு வீட்டில் கேட்டேன். மருந்தகமும் முதல் மாடியும் அப்படித்தான் அகப்பட்டன. கடைசியாக ஒட்டியது இது:

காய்ச்சல் தடுப்பூசி போடும் நாள்
நவம்பர் 9, சனிக்கிழமை, காலை 10 மணி முதல்
இடம்: லிப்டில் 1 என்ற பொத்தானை அழுத்தி வரவும். வாசலுக்குப் பக்கத்து அறை.
நர்ஸ் ஊசி போடுவார். பணம் தரவேண்டியதில்லை.
ஹெல்த் கார்டு கொண்டுவரவும்.
இப்போது காய்ச்சல் இருந்தால் வரவேண்டாம். முதலில் மருத்துவரைக் கேட்கவும்.
அன்று வர முடியாதவர்கள் மருந்துக் கடையிலும் போட்டுக்கொள்ளலாம்.

இதில் அழகு ஒன்றும் இல்லை. என் பழைய மேலதிகாரி பார்த்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார். எல்லாருக்கும் சமமாகப் புரிந்தது என்றும் சொல்ல மாட்டேன். "போடுவார்" என்பதைப் பார்த்து, ஊசி "ஏற்றுவார்" என்றல்லவா எழுதவேண்டும் என்று ஒருவர் கேட்டார். நம் பக்கம் ஏற்றுவது குளுக்கோஸ் பாட்டில். பொருள் மாறாததால் அதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை எதிர் வீட்டு அம்மா ஒன்பதரைக்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு லிப்டு வாசலில் நின்றார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "நீங்கள் ஆறுதலாய் வாங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். எனக்கு எதற்கு ஆறுதல் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மெதுவாக வாருங்கள் என்று அர்த்தமாம்.